பழைய ஊழியரைப் பற்றி வெரிஃபிகேஷன் மெயில் வந்திருக்கிறது: எதை எழுதுவது, எதை விடுவது?

கோவை_அட்மின்
வணக்கம். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது, சுமார் 60 பேர். தனியாக எச்.ஆர். கிடையாது. சம்பளம், பி.எஃப்., லீவு எல்லாம் நான்தான் பார்க்கிறேன்.

எங்களிடம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருந்த ஒருவர் 2024 ஆகஸ்ட்டில் வேலையை விட்டுப் போனார். இப்போது அவர் ஒரு பெரிய கம்பெனியில் சேரப்போகிறார் போல. அவர்கள் சார்பில் ஒரு வெரிஃபிகேஷன் ஏஜென்சியிலிருந்து ஃபாரம் வந்திருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம், விலகக் காரணம், நோட்டீஸ் பீரியட் முடித்தாரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் இரண்டு கேள்வி: "நேர்மை தொடர்பாக ஏதேனும் பிரச்சினை உண்டா? ஆம்/இல்லை." "மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா? ஆம்/இல்லை."

சிக்கல் இதுதான். 2024 மார்ச் 31 ஸ்டாக் எடுத்தபோது காப்பர் வைண்டிங் ஒயர் 42 கிலோ குறைந்தது. முதலாளிக்கு இவர் மேல்தான் சந்தேகம். ஆனால் மெமோ கொடுக்கவில்லை, விசாரணை வைக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. கூப்பிட்டுச் சத்தம் போட்டதோடு சரி. ஜூலை 20 அவர் ராஜினாமா கொடுத்தார். 30 நாள் நோட்டீஸ், ஆகஸ்ட் 5 வரைதான் வந்தார். மீதி நாளைச் செட்டில்மென்டில் பிடித்துக்கொண்டு ரிலீவிங் லெட்டர் கொடுத்துவிட்டோம். எல்லோருக்கும் கொடுக்கும் மாதிரிதான் அது: "பணிக்காலத்தில் இவரது நடத்தை நன்றாக இருந்தது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்."

இப்போது முதலாளி "நேர்மை இல்லைன்னு டிக் போட்டு அனுப்பு, இன்னொருத்தன் ஏமாறக்கூடாது" என்கிறார். எனக்குக் கை வரவில்லை. பொய்யும் எழுதக்கூடாது, ஒருவர் பிழைப்பையும் சும்மா கெடுக்கக்கூடாது. என்ன செய்வீர்கள்?

சேகர்_திருப்பூர்
ரொம்ப யோசிக்காதீங்க. சேர்ந்த தேதி, போன தேதி, பதவி. மூணு வரி. மத்ததெல்லாம் காலி. பழைய ஊழியரைப் பத்திக் கருத்து சொல்லியே ஆகணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. காலியா விட்டா யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஒர்க்‌ஷாப்_ராஜன்
நான் முதலாளி கட்சி. போன வருஷம் ஒரு ஸ்டோர்கீப்பரை எடுத்தேன். பழைய இடத்தில் கேட்டபோது "தங்கமான பையன்" என்றார்கள். எட்டு மாதத்தில் பேரிங் பெட்டி பெட்டியாகக் காணோம். அப்புறம் விசாரித்தால் அங்கேயும் அதே கதைதானாம். "ஏன் சார் சொல்லலை" என்று கேட்டேன். "எதுக்குப் பாவம்" என்றார்கள். அந்தப் பாவம் என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொல்லுங்கள் சார். மறைப்பதும் பொய்தான்.

பரணி_எச்ஆர்
இருபது வருஷத்துக்கு மேல் எச்.ஆரில் இருக்கிறேன். அதில் கொஞ்ச காலம் வெரிஃபிகேஷன் ஏஜென்சியிலும் வேலை செய்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சேகர் சொல்வதில் பாதி சரி. கருத்து சொல்லும் கட்டாயம் இல்லை. ஆனால் "காலியா விட்டா கேள்வி வராது" என்பது ஏஜென்சிக்குள் உட்கார்ந்து பார்த்தால் உண்மையில்லை. கோவை_அட்மின் சார், முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இதற்கு முன் வந்த இதே மாதிரி ஃபாரங்களுக்கு உங்கள் கம்பெனி என்ன பதில் அனுப்பியது என்று மெயிலில் தேடிப் பாருங்கள். முன்பு போன நாலு பேருக்கு "மீண்டும் எடுப்போம்: ஆம்" என்று போட்டுவிட்டு இவருக்கு மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டால், அந்தக் காலிக் கட்டமே பதில்தான். ஒரே ஏஜென்சியாக இருந்தால் அவர்களிடம் பழைய ஃபாரங்களும் இருக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசாமல் இருந்தால்தான் அதற்குப் பெயர் மௌனம்.

பதிலே அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று முறை நினைவூட்டுவார்கள், போன் செய்வார்கள், அப்புறம் ரிப்போர்ட்டில் "சரிபார்க்க முடியவில்லை" என்று போடுவார்கள். அந்த ஆள் சம்பள ஸ்லிப், படிவம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று தேடி அலைய வேண்டும். உங்களுக்கு வேலை மிச்சம், அவருக்கு நாட்கள் வீண்.

தங்கவேலு_ஈரோடு
எங்கள் மில்லுக்கும் இப்படி அடிக்கடி வருவார்கள். பையன் என்ன சம்பளம், தண்ணி கிண்ணி உண்டா என்று பெண் வீட்டார் ஆள் அனுப்புவார்கள். நான் நல்லபடியாகவே சொல்லிவிடுவேன். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு?

பரணி_எச்ஆர்
தங்கவேலு ஐயா, அது வேறு விஷயம் :) கல்யாண விசாரிப்புக்குக் கம்பெனி பதில் சொல்லவே கூடாது என்பது என் கட்சி. சம்பளம் எவ்வளவு என்பதை வெளியாளுக்குச் சொல்ல அந்தப் பையன் சம்மதம் கொடுக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்து இங்கே வேண்டிய ஒரு விஷயம் வருகிறது. கேட்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். முறையான ஏஜென்சி என்றால் அந்த ஊழியர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை மெயிலோடு இணைத்திருப்பார்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மெயில் ஏஜென்சியின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, அல்லது ஜிமெயிலா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, அவர்கள் இணையதளத்தில் உள்ள ஆபீஸ் நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். போட்டிக் கம்பெனிக்காரன் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள "வெரிஃபிகேஷன்" என்று போன் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோவை_அட்மின்
சம்மதக் கடிதம் இருக்கிறது, கையெழுத்து அவருடையதுதான். மெயில் முகவரியும் சரி.

பழைய ஃபாரங்களைத் தேடினேன். முன்பு போன மூன்று பேருக்கு வந்திருக்கிறது. மூன்றிலும் தேதி, பதவி, சம்பளம் எழுதி, மீண்டும் எடுப்பீர்களா என்பதற்கு "ஆம்" போட்டிருக்கிறோம். பரணி சார் சொன்ன வலையில் சரியாக மாட்டிக்கொண்டோம் போலிருக்கிறது.

இன்னொன்று. ஃபாரத்தில் அவர் சொல்லியிருக்கும் சம்பளம் 28,000. எங்கள் பதிவில் மொத்தச் சம்பளம் 24,500. முதலாளி "பாரு, இதிலேயே பொய்" என்கிறார்.

மீனாட்சி_வக்கீல்
சம்பள விஷயத்தை மற்றவர்கள் பார்க்கட்டும். நான் டிக் போடும் விஷயத்துக்கு வருகிறேன்.

பலர் "உண்மையாக இருந்தால் அவதூறு ஆகாது" என்று நினைக்கிறார்கள். குற்றவியல் சட்டத்தில் அது அவ்வளவு எளிதில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. முன்பு 499, 500 என்று இருந்தவை இப்போது 356 ஆவது பிரிவு. அதிலும் சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். உங்கள் முதலாளிக்குப் பொருந்தக்கூடியது வேறொரு விதிவிலக்கு. தன்னுடைய அல்லது இன்னொருவருடைய நலனைக் காக்க, நல்லெண்ணத்தோடு ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது அவதூறு ஆகாது. புதிய முதலாளியை எச்சரிப்பது இதற்குள் வரலாம்.

ஆனால் அந்த "நல்லெண்ணம்" என்பது மனசு நல்லது என்ற பொருளில் இல்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தோடு செய்தது ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அதாவது நீதிமன்றத்தில் வரும் கேள்வி: "42 கிலோ குறைந்ததே, நீங்கள் என்ன விசாரித்தீர்கள்? யாரைக் கேட்டீர்கள்? அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தீர்களா?" உங்களிடம் இதற்குப் பதில் இல்லை. அதுமட்டுமா, நடத்தை நன்று என்று உங்கள் லெட்டர்பேடிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ராஜன் சார், உங்களுக்கும் இதுவே பதில். உங்கள் பழைய ஆள் விஷயத்தில் அவர்கள் விசாரித்து, நிரூபித்து, எழுத்தில் வைத்திருந்தால் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். "தங்கமான பையன்" என்றது தப்பு. அதற்காகச் "சந்தேகம்தான், ஆனாலும் திருடன்" என்பது சரியாகிவிடாது.

ஒர்க்‌ஷாப்_ராஜன்
அப்போ விசாரணை வைக்கத் தெரியாத சின்னக் கம்பெனிக்காரன் எல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? 60 பேர் இருக்கும் இடத்தில் குற்றப்பத்திரிகை, விசாரணை அதிகாரி என்று யார் வைப்பார்கள்? முதலாளிக்குத் தெரியும் சார் யார் எடுத்தார்கள் என்று.

மீனாட்சி_வக்கீல்
தெரியுமா, தோன்றுகிறதா? ஸ்டோர்ஸ் சாவி எத்தனை பேரிடம் இருந்தது என்று கோவை_அட்மின் சொல்லட்டும்.

கோவை_அட்மின்
மூன்று சாவி. இவரிடம் ஒன்று, புரொடக்‌ஷன் சூப்பர்வைசரிடம் ஒன்று, ஆபீஸில் ஒன்று. நைட் ஷிப்டில் ஒயர் தேவைப்பட்டால் சூப்பர்வைசர் திறந்து எடுத்துக்கொண்டு காலையில் இண்டென்ட் சீட்டு எழுதித் தருவார். சில நாள் சீட்டு வரும், சில நாள் வராது. வைண்டிங் பிரிவில் எரிந்துபோன காயில்களைப் பிரித்து வரும் ஸ்க்ராப் காப்பரையும் எடை போட்டு வாங்கும் வழக்கம் அப்போது இல்லை.

இதை எழுதும்போது எனக்கே தோன்றுகிறது, 42 கிலோவில் எவ்வளவு திருட்டு, எவ்வளவு சீட்டு இல்லாமல் போனது, எவ்வளவு ஸ்க்ராப்பில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

பரணி_எச்ஆர்
உங்கள் பதிலே இங்கே கிடைத்துவிட்டது. கம்பெனிக்குத் தெரிந்தது "42 கிலோ குறைந்தது" மட்டும்தான். "இவர் எடுத்தார்" என்பது தெரியாது. முதல் வரி ஸ்டோர்ஸைப் பற்றியது, ஆளைப் பற்றியதே இல்லை. ஆனால் அதை இவருடைய ஃபாரத்தில் எழுதினால் படிப்பவர் இரண்டாவது வரியைத் தானே எழுதிக்கொள்வார். "இவர் பொறுப்பில் இருந்தபோது 42 கிலோ காப்பர் குறைந்தது" என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. படித்து முடித்தவன் மனதில் நிற்பது உங்களால் நிரூபிக்க முடியாத ஒன்று. அதனால் அந்த வரியும் வேண்டாம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று சாவியையும் சீட்டில்லாத நைட் ஷிப்டையும் சேர்த்துப் போட வேண்டும். அது உங்கள் கம்பெனியின் குறையை நீங்களே ஊருக்குச் சொல்வதாக முடியும்.

சம்பளத்துக்கு வருகிறேன். 24,500 மொத்தம். பி.எஃப். முதலாளி பங்கை 15,000 வரம்புக்குக் கட்டுகிறீர்களா? அப்படியென்றால் 12 சதவீதம் 1,800. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுக்கிறீர்களா?

கோவை_அட்மின்
ஆமாம், இரண்டும் சரி. ஒரு மாதச் சம்பளம் போனஸ்.

பரணி_எச்ஆர்
24,500-ஐ 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 2,041 வருகிறது. 24,500, 1,800, 2,041 மூன்றையும் கூட்டினால் 28,341. அவர் 28,000 என்று எழுதியது சி.டி.சி. கணக்கு. பொய் இல்லை, கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறார். உங்கள் பதிலில் "மாத மொத்தச் சம்பளம் 24,500, இதில் முதலாளியின் பி.எஃப். பங்கும் ஆண்டு போனஸும் சேரவில்லை" என்று எழுதுங்கள். அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் ஏஜென்சி ரிப்போர்ட்டில் "சம்பளம் முரண்படுகிறது" என்று சிவப்பில் வரும். எத்தனையோ பேருக்கு வேலை இப்படிக் கூட்டல் கணக்கில் போயிருக்கிறது.

பொதுவாகவே, அவர் சொன்னது வேறு, நம் பதிவு வேறு என்றால் "தவறாகச் சொல்லியிருக்கிறார்" என்று எழுதாதீர்கள். நம் பதிவில் உள்ளதை எழுதினால் போதும். ஒப்பிடுவது ஏஜென்சியின் வேலை.

குமார்_ஓசூர்
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன், நோட்டீஸ் முடிக்காமல் ஊருக்கு வந்துவிட்டேன். மெயில் போட்டேன், பதில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, சேர்ந்தும் விட்டேன். பழைய இடத்திலிருந்து வெரிஃபிகேஷனில் "சொல்லாமல் ஓடிவிட்டார்" என்று வந்தது. புது வேலை போச்சு. நோட்டீஸ் பணத்தைச் செட்டில்மென்டில் பிடித்துவிட்டுத்தான் அப்படி எழுதினார்கள். இதற்குக் கேஸ் போட முடியுமா?

மீனாட்சி_வக்கீல்
குமார், நீங்கள் அனுப்பிய மெயிலும் செட்டில்மென்ட் தாளும் கையில் இருந்தால் முதலில் அவற்றை இணைத்து, திருத்தி எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள். பணம் பிடித்துக் கணக்கு முடித்தபிறகு "ஓடிவிட்டார்" என்பது அவர்கள் பதிவுக்கே முரண். கேஸ் அப்புறம் பார்க்கலாம். ஊர், தேதி எல்லாம் தெரியாமல் இங்கே மேலே சொல்ல முடியாது. வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

கோவை_அட்மின், குமார் கதை உங்களுக்கும் தேவை. நோட்டீஸ் கேள்விக்கு "முடிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அது பாதி. "30 நாளில் ஆகஸ்ட் 5 வரை பணியாற்றினார், மீதி நாட்களுக்கான தொகை இறுதிக் கணக்கில் சரிசெய்யப்பட்டது" என்பது முழுசு.

லண்டன்_தமிழன்
நான் இங்கே ஒரு மருத்துவமனையில் எச்.ஆர். இங்கிலாந்தில் 1994-லேயே பிரபுக்கள் சபை ஒரு இன்சூரன்ஸ் முகவர் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: பழைய ஊழியரைப் பற்றி எழுதும்போது அவர் விஷயத்தில் கவனமாக இருக்கும் கடமை முதலாளிக்கு உண்டு, அசட்டையாக எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம்.

உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது 2011-இல் லிவர்பூல் மாநகராட்சி வழக்கு. ஒருவர் வேலையை விட்டுப் போனபிறகு அவருடைய பதிவேடுகள் சரியில்லை என்று குறைகள் தெரியவந்தன. யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த வேலைக்குக் கேட்டபோது "இப்படிச் சில விஷயங்கள் எழுந்தன, ஆனால் அவர் போய்விட்டதால் விசாரிக்கப்படவில்லை, அதனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது" என்றார்கள். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கேஸ் போட்டார். கீழ்நீதிமன்றம் அவர் பக்கம், மேல்முறையீட்டில் மாநகராட்சி பக்கம். அது உண்மையாகவும் இருந்தது, அநியாயமாகவும் இல்லை என்றார்கள்.

இந்தியாவில் இது கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் "விசாரிக்கவில்லை, அதனால் சொல்ல முடியாது" என்பதும் ஒரு நேர்மையான பதில் என்று தோன்றுகிறது.

ஒர்க்‌ஷாப்_ராஜன்
அதேதான் நான் சொல்வது! "விசாரிக்காத விஷயம் ஒன்று உண்டு" என்று எழுதிவிடலாமே.

பரணி_எச்ஆர்
ஒரு வித்தியாசம் இருக்கிறது ராஜன் சார். லிவர்பூலில் அவர் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது, விசாரிக்க வழியில்லை. இங்கே மார்ச் 31-இல் தெரிந்தது, ஆள் ஆகஸ்ட் 5 வரை உள்ளேதான் இருந்தார். நாலு மாதம் சும்மா இருந்துவிட்டு, போனபிறகு "விசாரிக்கவில்லை" என்று எழுதினால், விசாரிக்காத தப்புக்கு அவர் விலை கொடுக்கிறார். இதே மனிதர் விசாரணை நடக்கும்போது ராஜினாமா கொடுத்திருந்தால் "விசாரணை நிலுவையில் இருந்தபோது விலகினார், முடிவு எட்டப்படவில்லை" என்று எழுதுவேன், தயங்க மாட்டேன். அது பதிவில் இருக்கும் விஷயம்.

லண்டன்_தமிழன்
நியாயம்தான். ஆனால் ஃபாரம் "பதிவில் உண்டா" என்று கேட்கவில்லை. "பிரச்சினை உண்டா" என்று கேட்கிறது. முதலாளி மனதில் உண்டு. அப்போது "இல்லை" என்று டிக் போடுவது பொய் ஆகாதா?

பரணி_எச்ஆர்
ஆகும். அதனால் "இல்லை"யிலும் டிக் வேண்டாம், "ஆம்"-இலும் வேண்டாம். பக்கத்தில் எழுத இடம் இருக்கும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதை நாமே எழுதிவிட வேண்டும்: "இவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் எங்கள் பதிவில் இல்லை. பதிவில் உள்ளதற்கு மேல் கருத்துத் தெரிவிப்பதில்லை." முதல் வாக்கியம் உண்மை, நிரூபிக்கலாம். இரண்டாவது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் இனிமேல் எல்லோருக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

மீண்டும் எடுப்பீர்களா கேள்விதான் கஷ்டம், பழைய மூன்று "ஆம்" இருப்பதால். முதலாளி எடுக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டு "ஆம்" போட்டால் பொய். என் யோசனை: இன்று தேதியிட்டு ஒரு பக்கத்தில் கம்பெனி விதி எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். வெரிஃபிகேஷனுக்கு இன்னின்ன விவரம் மட்டும் தருவோம், மறுபடி எடுப்பது பற்றி யாருக்கும் பதில் தரமாட்டோம் என்று. ஃபாரத்தில் "எங்கள் விதிப்படி இக்கேள்விக்கு எந்த ஊழியருக்கும் பதில் தருவதில்லை" என்று எழுதுங்கள். அடுத்து போகப்போகும் உங்கள் மிக நல்ல ஊழியருக்கும் இதேதான். அங்கே ஆசைப்பட்டு "ஆம்" போட்டால் விதி அன்றோடு செத்தது.

சேகர்_திருப்பூர்
ஆனா அது இந்த ஆளுக்காகப் போட்ட விதிதானே? ஏஜென்சிக்காரனுக்குத் தெரியாதா? பழைய மூணு ஃபாரமும் அவன்கிட்ட இருந்தா?

பரணி_எச்ஆர்
தெரியலாம். முழுசாக மறைக்க வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். "எந்த ஊழியருக்கும்" என்பதை "இனி எந்த ஊழியருக்கும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், பழையதோடு முரண்படாது. அது சந்தேகத்தைக் கிளப்பினால் கிளப்பட்டும். பொய்யான "ஆம்", நிரூபிக்க முடியாத "இல்லை" இரண்டையும்விட அது தேவலை.

மீனாட்சி_வக்கீல்
நான் இங்கே பரணியோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. மறுபடி எடுப்பதா வேண்டாமா என்பது முதலாளியின் விருப்பம். நோட்டீஸை முழுசாக முடிக்காதவரை எடுப்பதில்லை என்று விதி ஏற்கெனவே இருந்திருந்தால் "இல்லை" என்று காரணத்தோடு எழுதுவது சுத்தமான பதில். அப்படி ஒரு விதி இருந்ததா?

கோவை_அட்மின்
இல்லை. நோட்டீஸ் முடிக்காமல் போன வெல்டர் ஒருவரைப் போன வருஷம் திரும்ப எடுத்தோம்.

மீனாட்சி_வக்கீல்
அப்படியென்றால் பரணி வழிதான்.

கோவை_அட்மின்
இன்னொரு சிக்கல். அவர் புரொடக்‌ஷன் சூப்பர்வைசரைத் தனிப்பட்ட ரெஃபரன்ஸாகக் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசருக்கும் போன் வந்திருக்கிறது, "சார் ஆஃப் தி ரெக்கார்ட் சொல்லுங்க" என்று. அவர் நாளை பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பரணி_எச்ஆர்
ஆஃப் தி ரெக்கார்ட் என்று ஒன்று கிடையாது. நான் ஏஜென்சியில் இருந்தபோது அப்படிச் சொல்லித்தான் கேட்போம், கேட்டதையெல்லாம் அப்படியே டைப் செய்து ரிப்போர்ட்டில் வைப்போம். பல இடங்களில் கால் ரெக்கார்டும் ஆகும்.

சூப்பர்வைசர் பேசலாம், அவர் பெயரை அந்த ஆளே கொடுத்திருக்கிறார். தான் கண்ணால் பார்த்ததைத் தன் பெயரில் சொல்லட்டும். பொருள் கேட்டால் எவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுப்பார், லெட்ஜரை அன்றன்றே எழுதுவாரா, சப்ளையரோடு எப்படிப் பேசுவார். குறை இருந்தால் அதையும் சம்பவத்தோடு சொல்லலாம். காப்பர் பற்றிக் கேட்டால் "அது கம்பெனி விஷயம், ஆபீஸைக் கேளுங்கள்" என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். சாவி அவரிடமும் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். தான் தப்பிக்க இன்னொருவரைக் கைகாட்டினார் என்ற பேச்சு வர வேண்டாம்.

கோவை_அட்மின்
முதலாளியிடம் பேசினேன். சட்டப் பிரிவுக்கு அவர் அசையவில்லை. மூன்று சாவி விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "சரி, நீ எழுது, நான் பார்க்கிறேன்" என்றார். ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"பணிக்காலம்: 14 ஜூன் 2021 முதல் 5 ஆகஸ்ட் 2024 வரை. பதவி: ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். கடைசி மாத மொத்தச் சம்பளம் ரூ. 24,500 (முதலாளியின் பி.எஃப். பங்கு, ஆண்டு போனஸ் நீங்கலாக). விலகல்: ராஜினாமா, கடிதத் தேதி 20 ஜூலை 2024. நோட்டீஸ் 30 நாள். ஆகஸ்ட் 5 வரை பணியாற்றினார், மீதிக்கான தொகை இறுதிக் கணக்கில் சரிசெய்யப்பட்டது. நிலுவை எதுவும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் பதிவில் இல்லை. பதிவில் உள்ளதற்கு மேல் கருத்துத் தெரிவிப்பதில்லை. மறுபணி குறித்து எங்கள் விதிப்படி இனி எந்த ஊழியருக்கும் பதில் தருவதில்லை. இவ்விவரங்கள் ஊழியரின் சம்மதக் கடிதத்தின் பேரில், இந்தச் சரிபார்ப்புக்காக மட்டும் தரப்படுகின்றன."

கீழே என் பெயர், பதவி, தேதி, சீல். ஒரு காப்பி அவருடைய ஃபைலில், சம்மதக் கடிதத்தோடு.

ஒர்க்‌ஷாப்_ராஜன்
நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தால் இதிலிருந்து எனக்கு எதுவும் தெரியாது. அடுத்த காப்பர் போவது என் ஸ்டோர்ஸிலிருந்து என்றால்?

பரணி_எச்ஆர்
உங்கள் ஸ்டோர்ஸில் மூன்று சாவி இருந்தால் யாரை எடுத்தாலும் போகும். ஆனால் உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்பதும் தெரியும்.

கோவை_அட்மின் சார், ஒன்று விட்டுப்போச்சு. பி.எஃப். போர்ட்டலில் அவருக்கு வெளியேறிய தேதி என்ன போட்டிருக்கிறது? ஏஜென்சி யு.ஏ.என். பணி வரலாற்றையும் பார்ப்பார்கள்.

கோவை_அட்மின்
இப்போதுதான் பார்த்தேன். 31 ஆகஸ்ட் என்று இருக்கிறது. மாதக் கடைசி போடுவது இங்கே வழக்கம்.

பரணி_எச்ஆர்
அவர் அடுத்த இடத்தில் ஆகஸ்ட் நடுவில் சேர்ந்திருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்த மாதிரி அது காட்டும். கேள்வி அவருக்குத்தான் போகும். ஏஜென்சிக்கு இன்னொரு மெயில் போடுங்கள்: கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 5 தான், பி.எஃப். பதிவில் மாதக் கடைசி குறிக்கப்பட்டுள்ளது, திருத்தம் செய்கிறோம் என்று. திருத்தக் கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும், சிலருக்குக் கம்பெனியின் ஒப்புதலும் தேவைப்படும். அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் பக்கம் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கோவை_அட்மின்
மெயில் போட்டுவிட்டேன். அவர் நம்பர் பழையது, எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் புது நம்பர் இருக்கிறதாம், மதியம் பேசுகிறேன்.